இரண்டு ஹேர் டிரையர் எரிந்த கல்யாணம்

கொட்டகலையில் ஒரு கல்யாணத்துக்குப் பெண் அலங்காரம் செய்யப் போய், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் இரண்டு ஹேர் டிரையர்களை எரித்துவிட்டு வந்தவள் நான். முதலாவதில் எனக்குப் பாதிப் பங்குதான். இரண்டாவதில் வேறு யாரையும் மாட்டிவிட வழியில்லை. மாட்டிவிடப் பார்த்தேன், முடியவில்லை.

ஹட்டன் பஜாரில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில், என் பியூட்டி பார்லர் இருக்கிறது. இரண்டு நாற்காலி, மூன்று கண்ணாடி, தண்ணீர் வரும் நாட்களில் தலை அலச ஒரு பேசின். அந்தக் கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பே டொரோண்டோவிலிருந்து பெண்ணின் அம்மா வாட்ஸப்பில் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவர் எனக்குப் புதியவர் அல்ல. நாங்கள் இருவரும் ஒரே தோட்டத்தில், ஒரே டிவிஷனில் பிறந்தவர்கள். தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம்; எங்கள் லயத்துக்கு மேல் லயம் அவருடையது. பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே. மழை நாளில் ஒரே உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சேர்ந்து நடந்திருக்கிறோம். இருபது வயதில் கல்யாணம் கட்டிக் கனடா போனவர், நடுவில் ஒரே ஒரு முறை வந்தார், அதுவும் ஒரு சாவுக்கு.

"மேக்கப், சேலை கட்டுறது, பூ வைக்கிறது எல்லாம் நீ பாத்துக்க," என்றார் போனில். "ஆனா முடிக்கு எங்க சாமான்தான். அங்க உள்ள மெசின் எல்லாம் முடிய கருக்கிரும்."

"சரிங்க அக்கா," என்றேன். பதினேழு வருடமாக நான் கருக்காமல் விட்ட தலைகளை எண்ணிக் காட்டலாம் என்றுதான் வாய் வரை வந்தது. ஆனால் கனடா கல்யாணம் ஊரில் தினமும் நடப்பதில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, ஒத்திகை பார்க்கப் போனேன். அவர்கள் தங்கியிருந்தது ரயில்வே ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி, தேயிலைக்கு நடுவே வாடகைக்கு விடும் ஒரு பழைய துரை பங்களா. வீட்டில் நான்கு பேர். பெண், அம்மா, அப்பா, அப்பாவின் தங்கை. அப்பா கோயிலுக்கும் கல்யாண ஹோலுக்கும் அலைந்துகொண்டிருந்ததால் அவரை நான் கடைசி வரை முதுகுப் பக்கமாகத்தான் பார்த்தேன். பெண்ணுக்கு இருபத்தாறு வயது. நல்ல பிள்ளை. தமிழை மெதுவாக, கல்லில் கால் வைத்து ஆற்றைக் கடப்பதுபோலப் பேசினாள். மாப்பிள்ளையும் டொரோண்டோவில் வேலை செய்பவர்தான். சொந்த ஊர் வலப்பனை. அவர் அங்கே தன் வீட்டில் இருந்தார், இவள் இங்கே. இருவருக்கும் நடுவில் போன்தான் பாலம்.

அக்கா ஒரு சூட்கேஸைத் திறந்தார். துணி ஒன்றுகூட இல்லை. ஹேர் டிரையர், முடியைச் சுருட்டுகிற கோல், நேராக்குகிற அயன், மின்சார டூத் பிரஷ், போன் சார்ஜர்கள், கேமரா சார்ஜர், ஒரு லேப்டாப் சார்ஜர். அவற்றின் மேல் ஒரு பை நிறையப் பிளக் அடாப்டர்கள். சின்னச் சின்ன வெள்ளைக் கட்டிகள்.

"இது உலகம் பூராவும் போகும்," என்று ஒரு அடாப்டரைத் தூக்கிக் காட்டினார். "நூத்தம்பது நாட்டுக்கு. டப்பால போட்டிருக்கு."

டிரையர் கையில் வந்தது. நல்ல கனம், பளபளவென்று தங்க நிறம். எனக்கு எதைக் கொடுத்தாலும் பின்பக்கம் திருப்பிப் படிக்கிற பழக்கம் உண்டு. ஷாம்பு போத்தல், முகப்பூச்சு, சாயப் பெட்டி, எல்லாவற்றையும் படிப்பேன். இந்தத் தொழிலில் படிக்காவிட்டால் யாருக்காவது நெற்றி வெந்துபோகும். கைப்பிடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர். 125V, 60Hz, 1875W. நம்ம ஊர்க் கரண்ட் இருநூற்று முப்பது வோல்ட் என்பது எனக்குத் தெரியும். பார்லரில் உள்ள எல்லாச் சாமானிலும் அதுதான் எழுதியிருக்கும்.

"அக்கா, இதுல நூத்தி இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கே?"

"அது சூடு," என்றார் அக்கா. "டிகிரி."

"பக்கத்துல வி-ன்னு இருக்கே?"

"அதான் அடாப்டர் போடுறோமே. அது மாத்திரும். நீ சொருகு."

அந்தக் குரல் எனக்குப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் அவர் கிளாஸ் மொனிட்டர். சொருகினேன். சுவிட்சைப் போட்டேன்.

டிரையர் ஊதவில்லை, கத்தியது. ரத்மலானை விமான நிலையத்திலிருந்து ஒரு ஹெலிகொப்டர் புறப்பட்டு நேராக அந்த அறைக்குள் இறங்கியதுபோல. அதன் மூக்குக்குள் கம்பிச் சுருள் செக்கச்செவேல் என்று பழுத்தது. பெண் வீல் என்று கத்த, நான் கையை உதற, டப் என்று ஒரு சத்தம். வீடு முழுக்க லைட் போய்விட்டது. எரிந்த பிளாஸ்டிக்கும் எரிந்த முடியும் கலந்த வாடை. முடி என்னுடையது, முன்பக்கத்தில் கொஞ்சம்.

பங்களாவைக் காவல் காக்கும் வாச்சர் மெதுவாக வந்து எட்டிப் பார்த்தார். ஐம்பது வயது தாண்டிய மனிதர், காதை மூடிய கம்பளிக் குல்லா. புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் மெயின் போர்டுக்குப் போய் விழுந்திருந்த சுவிட்சைத் தூக்கிவிட்டார். லைட் வந்தது. அடாப்டரின் பின்கள் கறுத்து, பிளாஸ்டிக் ஒரு பக்கம் உருகித் தொங்கியது.

"நீதானே சொருகின?" என்றார் அக்கா.

"நீங்கதானே சொன்னீங்க?"

"இந்த ஊரு கரண்டே சரியில்ல," என்று மூன்றாவது ஆளைக் கண்டுபிடித்தார் அக்கா. உடனே ஒரு சட்டமும் போட்டார். இனி யாரும் எதையும் சுவரில் சொருகக் கூடாது. போன் வெடிக்கும், லேப்டாப் வெடிக்கும், தலைகாணிக்குக் கீழே வைத்தால் தலை வெடிக்கும்.

பெண்ணின் போனில் அப்போது ஆறு விழுக்காடு சார்ஜ் இருந்தது. மற்றவர்களுடையதும் அந்த லட்சணம்தான். கொழும்பிலிருந்து வரும் வழியெல்லாம் நீர்வீழ்ச்சியைப் படம் எடுத்தே தீர்த்திருந்தார்கள். அவள் சார்ஜரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, ஐ மீன், நான் அவரோட பேசணும். பூ மாலை, டைம், ஒண்ணும் பேசல்ல."

"நாளைக்கு வாழ்க்கை பூராவும் பேசப்போற. இன்னைக்கு ஒரு நாள் சும்மா இரு."

பெண் அழத் தொடங்கினாள். நான் அந்தச் சார்ஜரை வாங்கிப் பார்த்தேன். எழுத்து எறும்பின் கால் அளவு. அதில் 100-240V என்று இருந்தது. இது வேறு மாதிரி இருக்கிறதே என்று சொன்னேன். நான் சொன்னதை யாரும் கேட்கிற நிலையில் இல்லை. என் முன்நெற்றி முடி இன்னும் நாறிக்கொண்டிருந்தது.

"சரி, ஹட்டனுக்குப் போய்க் கேட்போம்," என்றேன். "எனக்குத் தெரிஞ்ச எலக்ட்ரிக் கடை ஒண்ணு இருக்கு. எல்லாச் சாமானையும் எடுத்துக்கங்க."

அக்கா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் சூட்கேஸை மூடிக்கொண்டு முதலில் திரீவீலரில் ஏறியவர் அவர்தான். எரிந்த டிரையரை மடியில், துணி சுற்றி, உடம்பு சுகமில்லாத பிள்ளைபோல வைத்துக்கொண்டார். பனி இறங்கி, ரோட்டில் முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது.

வழியில் அக்கா திடீரென்று கேட்டார்: "அந்தக் கேத்தல் ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இருந்தது. அவர் கனடாவுக்குப் புறப்பட்டபோது, எங்கள் இரண்டு லயத்துப் பெண்களும் சேர்ந்து ஹட்டனில் ஒரு கரண்ட் கேத்தல் வாங்கிக் கொடுத்தார்கள். வெள்ளிக் கலர். யார் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்துத்தான் பெட்டிக்குள் வைத்தோம்.

"அங்க யாரோ ஒரு பின் குடுத்தாங்க, அதப் போட்டுச் சொருகினேன். தண்ணி கொதிக்கவே கொதிக்காது. போட்டுட்டுப் போய்க் குளிச்சிட்டு வருவேன், அப்பதான் லேசா சத்தம் குடுக்கும். அந்த நாட்டுக் குளிருக்கு அப்படித்தான்னு நெனச்சேன். ரெண்டு வருசம் அதுலதான் டீ குடிச்சேன். வேற வாங்க மனசு வரல."

ஏன் கொதிக்கவில்லை என்று எனக்கும் அப்போது தெரியாது.

கடையை நடத்துவது ஒரு முஸ்லிம் பெண்மணி. எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் அவர்கள் வழக்கப்படி, அக்கா என்பதற்கு ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவரும் மரியாதைக்கு என்னை அக்கா என்பார். யார் மூத்தவர் என்று இருவருமே தேடிப்பார்க்கவில்லை. ஜப்பானிலிருந்து கொண்டெய்னரில் வரும் பழைய சாமான்கள் அந்தக் கடையில் பாதி: சோறு ஆக்குகிற குக்கர், வெக்குவம் கிளீனர், தையல் மெசின். மற்றப் பாதி வயர்.

ராத்தா டிரையரைத் துணியிலிருந்து பிரித்தார். முகர்ந்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார்.

"மௌத்து," என்றார், ஆள் செத்துப்போனதைச் சொல்வதுபோல.

அக்காவின் முகம் சுருங்கியது.

"அடாப்டர் போட்டுத்தான் சொருகினோம்," என்றார் அக்கா. "எல்லா நாட்டுக்கும்னு எழுதியிருக்கு."

"எல்லா நாட்டு ஓட்டைக்கும் போகும்தான். ஓட்டைக்குள்ள வாற கரண்ட் அப்படியேதான் வரும். இதுக்குள்ள ஒண்ணுமே இல்ல, பாருங்க." ராத்தா உருகிய அடாப்டரை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தார். உள்ளே சில பித்தளைத் தகடுகள், அவ்வளவுதான். "அடாப்டர் பின்னத்தான் மாத்தும். வோல்ட்ட மாத்துறது கொன்வேட்டர், ட்ரான்ஸ்போமர். அது வேற சாமான். உங்க ஊருல நூத்தி இருபது வோல்ட். இங்க இருநூத்தி முப்பது. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. சூடாக்குற சாமானுக்கு ரெண்டு மடங்கு வோல்ட் குடுத்தா, சூடு நாலு மடங்கு வரும். அப்ப வெடிக்காம என்ன செய்யும்?"

அக்கா மெதுவாகக் கேட்டார்: "இந்த ஊர்க் கேத்தல அங்க சொருகினா?"

"பாதி வோல்ட்டுத்தானே கெடைக்கும். சூடு கால்வாசி. எரியாது. ஆனா தண்ணி கொதிக்கிறதுக்குள்ள உங்களுக்கு வயசாகிரும்."

அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் வேகமாக ஒரு குக்கரைப் பார்க்கத் தொடங்கினேன். கண்ணாடிக் கதவில் தெரிந்தது, அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். சிரிப்பா, வேறு ஏதுமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. "குளிருன்னு நெனச்சேன்," என்று மட்டும் சொன்னார், யாரிடம் என்று இல்லாமல்.

ராத்தா பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பினார். "'இன்புட்'னு எழுதியிருக்கிற வரிய மட்டும் பாருங்க. அவுட்புட்ட விடுங்க, அது போனுக்குள்ள போறது." போன் சார்ஜர்கள் நான்கும் ஒரு பக்கம் போயின, எல்லாவற்றிலும் 100-240V. கேமரா சார்ஜர், லேப்டாப் சார்ஜர், அதே பக்கம். "இதெல்லாம் ஏழு தேசத்துக்கும் தோது. பின் மட்டும் மாத்தினாப் போதும். தானா சரிபண்ணிக்கும்." நேராக்குகிற அயனும் அந்தப் பக்கம்தான் போனது. டூத் பிரஷைப் பார்த்து அக்காவின் கை தானாக அந்தப் பக்கம் நீண்டது. ராத்தா தடுத்தார். "இல்ல. இது சார்ஜர் மாதிரித்தான் இருக்கு, ஆனா நூத்தி இருபது மட்டும். இத நம்பாதீங்க. சின்னச் சாமான்னா சாதுன்னு அர்த்தம் இல்ல." பிரஷ் இந்தப் பக்கம் வந்தது. சுருட்டுகிற கோலும் இந்தப் பக்கம்: 120V, 85W.

"அப்ப சுருட்டை?" என்றேன். பெண் மாதக் கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது சுருட்டை முடிதான்.

ராத்தா மேசைக்கு அடியில் குனிந்து, செங்கல் அளவில் ஒரு இரும்புப் பெட்டியை முனகிக்கொண்டு தூக்கி வைத்தார். "ஜப்பான் சாமானுக்கு நாங்க குடுக்கிறது. நம்ம கரண்ட்ட எடுத்து நூத்திப் பத்தாக் குறைச்சுக் குடுக்கும். ஐநூறு வாட்ஸ் தாங்கும். கோல் எம்பத்தஞ்சுதானே, தாராளமாப் போடலாம். பிரஷும் போடலாம்."

"டிரையர்?"

"ஆயிரத்து எண்ணூத்திச் சொச்சம் வாட்ஸ எடுக்கிற சாமான ஐநூறுல போட்டா, டிரையரோட இதுவும் போகும். அதுக்குத் தாங்குற ட்ரான்ஸ்போமர் வேணும்னா ரெண்டு பேர் தூக்கணும். இந்த ஊர் டிரையர் ஒண்ணு வாங்கிட்டுப் போங்க."

அக்கா வாங்கவில்லை. ட்ரான்ஸ்போமரை மட்டும் கல்யாணம் முடிந்து திருப்பித் தருவதாக வாங்கிக்கொண்டார். அவருடைய நாத்தனாரிடம், அதாவது பெண்ணின் அத்தையிடம், இன்னொரு டிரையர் இருக்கிறது, அது போதும் என்றார். ஊர் டிரையர் ஒன்று என் பையிலேயே இருந்தது. கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றியது, பார்க்க லட்சணமாக இராது. அதை நான் வெளியே எடுக்கவில்லை. கேட்காமல் கொடுப்பதில் எனக்கும் ஒரு ரோஷம்.

திரும்பி வந்து, நான் ஒரு டாக்டரைப்போல உள்ளே நுழைந்தேன். சார்ஜர்களை வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றின் இன்புட்டையும் உரக்கப் படித்தேன். "நூறு கோடு இருநூத்தி நாப்பது. போகும்." சொருகினேன். போன்கள் உயிர் வந்து சிணுங்கின. பெண் தன் போனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூலைக்குப் போனாள். வலப்பனையிலிருந்து வந்த குரலைக் கேட்டு மறுபடி அழுதாள், இந்த முறை நல்ல அழுகை. அத்தை, "நீங்க எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே," என்றார். நான் அதை மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும்.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்கு முகூர்த்தம். ஆறு மணிக்கே போய்விட்டேன். முதல் நாளே குளிக்கும்படி நான் படித்துப் படித்துச் சொல்லியும் பெண் அன்று காலையில்தான் தலைக்குக் குளித்திருந்தாள். கொட்டகலைப் பனியில் அந்த முடி தானாகக் காய வேண்டுமென்றால் கல்யாணத்தை அடுத்த வாரம் வைக்க வேண்டும். இடுப்பு வரை முடி, சொட்டச் சொட்ட. ஈர முடியில் சூட்டுக் கோலை வைக்கவும் முடியாது.

அத்தை தன் டிரையரைக் கொண்டு வந்தார். மடக்குகிற கைப்பிடி, பயணத்துக்கென்றே செய்த சின்னச் சாமான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் திருப்பிப் படித்தேன்.

125/250V.

"ரெண்டு நம்பர் இருக்கு," என்று அறிவித்தேன். "நம்மது இருநூத்தி முப்பது. ரெண்டுக்கும் நடுவுல வருது. போகும்."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் அடாப்டரைப் போட்டுச் சொருகி, தன்னம்பிக்கையோடு சுவிட்சைத் தட்டினேன்.

ஹெலிகொப்டர் திரும்பி வந்தது. பழுத்த கம்பி, டப், இருட்டு, வாடை. எல்லாம் முந்தைய நாள் போலவே, வரிசைகூட மாறவில்லை.

வாச்சர் வந்து நின்றார். தலை சீவி, கல்யாணத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். "நேத்தும் இதே நாத்தம்தானே," என்று சொல்லிவிட்டு மெயின் போர்டுக்குப் போனார்.

லைட் வந்ததும் அத்தை, எரிந்த டிரையரின் கைப்பிடியில் ஒரு சின்ன வட்டத்தைக் காட்டினார். சில்லறைக் காசை வைத்துத் திருப்புகிற ஒரு பள்ளம். அதன் ஒரு பக்கம் 125, மறு பக்கம் 250. அம்பு 125-ஐப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதத் திருப்பிட்டுப் போடணும்," என்றார் அத்தை.

"அதச் சொல்லக் கூடாதா?"

"சொல்ல வந்தேன். நீங்கதான் போகும்னீங்க."

சார்ஜரில் நடுவில் படுத்த கோடு இருந்தால் நூறிலிருந்து இருநூற்று நாற்பது வரை எதுவானாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். சாய்ந்த கோடு இருந்தால் இது அல்லது அது; பெரும்பாலும் எது என்று நாம்தான் திருப்பி வைக்க வேண்டும். ஒரு கோடு படுத்திருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்பதில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ராத்தாவும் சொல்லவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு சாமான் நேற்று அந்தச் சூட்கேஸில் இல்லை. நான் நாலைந்து ஸ்டிக்கர் படித்ததும் எல்லா ஸ்டிக்கரையும் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மணி ஏழு ஆகியிருந்தது. பெண் ஈரத் தலையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். திட்டு வரும் என்று தோளைத் தயாராக வைத்துக்கொண்டேன். சத்தம் ஒன்று வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். சாதாரணச் சிரிப்பல்ல, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை அமுக்கிக்கொண்டு. லயத்தில் இருந்தபோது அவர் அப்படிச் சிரித்தால் பக்கத்துக் காம்பராவிலிருந்து சுவரில் தட்டுவார்கள்.

"நல்லவேள," என்றார் மூச்சு வாங்கி, "இது என்னோடது இல்ல."

அத்தைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அது நியாயம்தான்.

"அடியே," என்றார் அக்கா என்னிடம். முப்பது வருடம் கழித்து அந்த 'அடியே'. "ஒன் பையில ஒண்ணு வெச்சிருப்பியே, கருக்குறது. அத எடு."

கறுப்பு டேப் சுற்றிய என் டிரையரை எடுத்தேன். 220-240V, 50Hz, 1200W. இந்த முறை எல்லோர் முன்னாலும் மெதுவாக, எழுத்துக் கூட்டி, இரண்டு தடவை படித்தேன். சொருகியபோது பெண் காதைப் பொத்திக்கொண்டாள். வாச்சர் போகாமல் மெயின் போர்டுப் பக்கமாகவே நின்றார். அது எப்போதும்போல, வயதான மாடு மூச்சு விடுவதுபோல, ஊதத் தொடங்கியது. அக்காவே சீப்பை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் வந்து நின்று முடியைப் பிரித்துவிட்டார். முக்கால் மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. கருகவில்லை.

பிறகு அந்த இரும்புச் செங்கலைத் தரையில் வைத்து, அதைச் சுவரில் சொருகி, சுருட்டுகிற கோலை அதில் சொருகினேன். செங்கல் மெல்லிதாக ரீங்காரம் போட்டது. அக்கா, "இது என்னா சத்தம்?" என்று ஒரு அடி பின்னால் போனார். "அது அப்படித்தான் பாடும்," என்றேன், தெரிந்ததுபோல. உண்மையில் தெரியாது, கையால் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்தேன். வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை. கோல் சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தது, ஆனால் சுருட்டை நன்றாகவே விழுந்தது. பெண் கண்ணாடியில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்து, "நல்லா இருக்கு அன்ட்டி," என்றாள். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஹோலுக்குள் நுழைந்தோம். ஐயர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார்.

பதினொரு மணிக்கெல்லாம் பனிக்குச் சுருட்டை பாதி அவிழ்ந்துபோனதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு எந்த ஸ்டிக்கரும் பொறுப்பல்ல. அப்போது தாலி ஏறி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை முடியைப் பார்க்கிற நிலையில் இல்லை.

அத்தைக்கு ஒரு புது டிரையர் வாங்கிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்க மறுத்தார். இங்கே வாங்கினால் அங்கே வெறும் மூச்சுத்தான் விடும் என்று, நான் அந்த இரண்டு நாளில் எல்லோருக்கும் ஒப்பித்ததை எனக்கே திருப்பிச் சொன்னார். கடைசியில் அவருக்கு ஒரு பேஷியல் செய்துவிட்டேன். முகத்தில் பூச்சு காய்ந்துகொண்டிருக்கும்போதுதான் மன்னித்தார். பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

கனடா புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு பார்லர் படியேறி வந்தார். கையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி. மிக்ஸி. தேங்காய்ச் சம்பல் அரைக்க, அங்கே கிடைப்பதெல்லாம் சரியில்லை என்றார். நான் பெட்டியைத் திருப்பிப் படித்தேன். 230V, 50Hz, 750W. ஒரே நம்பர். படுத்த கோடும் இல்லை, சாய்ந்த கோடும் இல்லை.

"அக்கா, இது அங்க சுத்தாது. முனகும்."

"தெரியும். படிச்சிட்டுத்தான் வாங்கினேன்." அவர் கைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். ராத்தாவின் கையெழுத்து. "அங்க போய் நூத்தி இருபத இருநூத்தி முப்பதா ஏத்துற ட்ரான்ஸ்போமர் வாங்கணுமாம். எறக்குறது இல்ல, ஏத்துறது. ஆயிரத்து ஐநூறு வாட்ஸுக்குக் குறையக் கூடாதாம், மோட்டார் தொடங்கும்போது இழுக்குமாம். அடாப்டர் மட்டும் போட்டு ஏமாறாதன்னு கடைசில கோடு போட்டு எழுதிக் குடுத்துச்சு."

"அதத் தூக்கிட்டு வீட்டுல எங்க வெப்பீங்க?"

"மேசைக்குக் கீழ. நாத்தனா கால்ல இடிக்கும், இடிக்கட்டும்."

ஒரு மாதம் கழித்து, ஒரு கஸ்டமருக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, அக்காவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். பேச்சு எதுவும் இல்லை. ஏதோ கரகரவென்று பலமாக அரைபடுகிற சத்தம், அதற்குப் பின்னால் யாரோ "ஐயோ, கால்!" என்று கத்தினார்கள். கடைசியில் அக்காவின் குரல்: "சுத்துதுடி."

நாற்காலியில் இருந்த பெண் ஒரு கண்ணைத் திறந்து, யாருக்கு என்னாச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை, கனடாவில் சம்பல் அரைக்கிறார்கள் என்றேன்.